நீர்வட்டம், காபன் வட்டம்: அம்புக்குறிகளை வாசித்தல்

தரம் 10, விஞ்ஞானம், மீட்டல் தாள்

பிள்ளைகளே, வகுப்பில் வரைந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். ஒவ்வொரு அம்பிலும் வால் எங்கே, தலை எங்கே, போகிற பொருள் எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். பெயர் அதற்குப் பிறகுதான். "முகில்", "மழை" என்று எழுதினால் புள்ளி இல்லை, கேட்பது செயன்முறையை.

படம் 1: நீர்வட்டம்

அ. வாவி → வளிமண்டலம்: ஆவியாதல். சூரிய வெப்பத்தால் நீர் மட்டும் ஆவியாகிறது, உப்பு வாவியிலேயே தங்கிவிடும். மட்டக்களப்பு வாவியின் உவர்நீரிலிருந்து எழுந்தாலும் மழைநீர் உவர்க்காதது அதனால்தான்.

ஆ. வயல், கண்டல் மரங்கள் → வளிமண்டலம்: ஆவியுயிர்ப்பு. போவது இதிலும் நீராவிதான். ஆனால் வால் இலையில் இருக்கிறது. இலைவாய்கள் வழியே வெளியேறுகிறது. அ, ஆ இரண்டையும் மாற்றி எழுதுவோர் நிறையப் பேர்.

இ. நீராவி → முகில்: ஒடுங்கல். நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேலே சென்று குளிர்ந்து, தூசித் துணிக்கைகளைச் சுற்றி நுண்துளிகளான பிறகுதான் முகிலாகத் தெரிகிறது. ஆகவே முகிலில் நாம் பார்ப்பது வாயுவை அல்ல.

ஈ. முகில் → நிலம்: படிவுவீழ்ச்சி. நமக்கு மாரி மழை.

உ. நிலம் → வாவி: தரைமேல் ஓட்டம்.

ஊ. நிலம் → நிலக்கீழ்நீர்: ஊடுவடிதல். கல்லடிப் பக்கத்து மணலில் இது விரைவாக நடக்கும்; மாரியில் கிணற்று நீர் மேலே வருவது இதனால்.

படம் 2: காபன் வட்டம்

வளியிலுள்ள CO₂ இலிருந்து நெற்பயிருக்குப் போவது அம்பு 1: ஒளித்தொகுப்பு. நமது படத்தில் வளிமண்டலத்திலிருந்து காபனை வெளியே எடுக்கும் அம்பு இது ஒன்றுதான். மற்றவற்றை இதோடு ஒப்பிட்டே வாசியுங்கள்.

அம்பு 2 பயிரிலிருந்தும் மாட்டிலிருந்தும் வளிக்குப் போகிறது: சுவாசம். பயிரும் இரவு பகலாகச் சுவாசிக்கிறது, அதனால் பயிருக்கும் வளிக்கும் இடையே எதிரெதிராக இரண்டு அம்புகள் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வரைந்துவிட்டு விடாதீர்கள்.

அம்பு 3, புல்லிலிருந்து மாட்டுக்கு: உணவூட்டல். காபன் இங்கே வாயுவாகப் போவதில்லை, சேதனச் சேர்வையாகப் போகிறது. அம்பு 4, இறந்த உடல்களிலிருந்தும் சாணத்திலிருந்தும் வளிக்கு: பிரிகையாக்கிகளான பற்றீரியா, பங்கசுக்களின் செயல்.

அம்பு 5உம் அம்பு 6உம் தகனம்தான், ஆனால் வால்கள் வேறு. வேளாண்மை வெட்டியபின் வைக்கோலை எரித்தால், அந்தப் போகத்தில் பயிர் எடுத்த காபனே வளிக்குத் திரும்புகிறது (5). உழவு இயந்திரத்தின் டீசல் எரியும்போது, பல கோடி ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்த காபன் வளியில் சேர்கிறது (6). வளியில் CO₂ கூடிக்கொண்டே போவதற்கு முதன்மைக் காரணம் இந்த 6ஆம் அம்புதான்.

வினா: படம் 2 இல் அம்பு 1 ஐ அழித்தால், மற்ற ஐந்தில் எவை உடனே நிற்காமல் தொடரும்? ஒவ்வொன்றின் வாலையும் காட்டி விடை எழுதுக.