பேரேட்டை விட்டு ஸ்டாக் மென்பொருளுக்கு மாறுவது குறித்து

உள் குறிப்பு

அனுப்புநர்: தலைமை மருந்தாளுநர், ஹைகிரவுண்டு கடை, பாளையங்கோட்டை
பெறுநர்: நிர்வாகப் பங்குதாரர்கள் இருவரும்
நாள்: 19 ஜனவரி 2026
கேட்பது: ரூ.1,49,400 செலவுக்கு அனுமதி. ஜனவரி 31க்குள் முடிவு

அண்ணாச்சி இருவருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு முன் வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை அடைத்த பிறகு, பேரேட்டிலிருந்து 60 மருந்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினேன். ரேக்கில் இருப்பதை நானும் கவுண்டர் தம்பியும் எண்ணினோம். பேரேட்டு இருப்பும் ரேக்கும் ஒத்துப்போனது 23 மருந்துகளில் மட்டும். 24 மருந்துகள் ரேக்கில் குறைவு, 13 மருந்துகள் அதிகம். குறைந்ததைவிட அதிகமாக இருந்ததுதான் எனக்குக் கவலை. இருக்கிற மருந்தை இல்லை என்று நினைத்து மறுபடி ஆர்டர் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

நவம்பரில் ஒரு காலை எட்டு மணிக்கு ஒரு அம்மா தைராக்சின் 50 கேட்டு வந்தார்கள். பேரேட்டில் இருப்பு பூஜ்யம், ரேக்கிலும் கண்ணில் படவில்லை. இல்லை என்று அனுப்பிவிட்டோம். சாயங்காலம் கீழ்த்தட்டில் வேறு சரக்கு வைக்கப்போனபோது 14 பாட்டில் கிடைத்தது. முந்தைய வாரம் வந்த சரக்கு, இரவு பதிவு போடாமலே உள்ளே தள்ளி வைக்கப்பட்டது. அந்த அம்மா மாதா மாதம் நம்மிடம் வாங்குகிறவர்கள். டிசம்பரில் வரவில்லை.

இதில் எந்த ஊழியரையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. நம் பேரேடு, நாளைக்கு அறுபது எழுபது பில் போட்ட காலத்தில் தொடங்கியது. அப்போது அது போதும். இன்றைக்குச் சராசரி 370 பில், 4,200 வகை மருந்து, 31 ஸ்டாக்கிஸ்ட். எதிரே அரசு மருத்துவமனை வெளிநோயாளிகள் முடிந்து வரும் நேரத்திலும், மாலை ஆறு முதல் எட்டரை வரையும் பேரேட்டைத் திறக்கவே முடியாது. துண்டுச் சீட்டில் குறித்து வைத்து இரவு பத்துக்கு மேல் ஏற்றுகிறோம். டிசம்பரில் ஒரு வாரம் நானே சரிபார்த்தேன்: பில் புத்தகத்தில் 2,610 பில், பேரேட்டில் ஏறியது 2,488. மீதி 122 எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. சில சீட்டு சட்டைப்பையோடு துவைக்கப் போயிருக்கும்.

உண்மையில் கடையை ஓட்டுவது பேரேடு இல்லை, நம் மூத்த அண்ணனின் ஞாபகம். எந்த மருந்து எந்தத் தட்டில், எது தீரப் போகிறது, எந்த ஸ்டாக்கிஸ்ட் ஸ்கீம் கொடுக்கிறார், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அக்டோபரில் அவர் கண் அறுவை சிகிச்சைக்காகப் பத்து நாள் விடுப்பில் இருந்தபோது, ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை அவர் வீட்டுக்குப் போன் போட்டோம்.

காலாவதி

ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதத்தில் நாம் திருப்பிக் கொடுக்க முடியாமல் தூக்கிப்போட்ட காலாவதி சரக்கு ரூ.1,46,300. நம் ஸ்டாக்கிஸ்ட்களில் பெரும்பாலானவர்கள் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் கொடுத்தால் வாங்கிக்கொண்டு கிரெடிட் நோட் தருகிறார்கள். அந்த மூன்று மாதத்தை நாம் கோட்டை விடுகிறோம். பேரேட்டில் மருந்துக்கு ஒரு பக்கம் இருக்கிறது, பேட்சுக்குத் தனிப் பக்கம் இல்லை. ஓரத்தில் பென்சிலில் எழுதிய எக்ஸ்பைரி, ஈர விரல் பட்டு அழிந்துவிடுகிறது. செஃபிக்சிம் 200 பக்கத்தை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்: நான்கு பேட்ச், இரண்டின் தேதியைத்தான் படிக்க முடிகிறது.

புதிதாக வந்த சரக்கை முன்னால் வைத்துவிடுவதால் பழையது பின்னாலேயே கிடந்து கெடுகிறது. மென்பொருள் பில் போடும்போது முதலில் காலாவதியாகும் பேட்சையே முன்னால் காட்டும். மாதம் ஒன்றாம் தேதி, அடுத்த நான்கு மாதத்தில் காலாவதியாகும் பட்டியலை ஸ்டாக்கிஸ்ட் வாரியாக அச்செடுக்கலாம். காலாவதியே இருக்காது என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பாதி குறைந்தால்கூட மாதம் எட்டாயிரம் ரூபாய் மிஞ்சும். அந்தக் கணக்கில் போட்ட பணம் ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். விற்பனை தவறுவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

பேட்ச் எண்ணும் எச்1 பதிவேடும்

பணத்தைவிட எனக்குத் தூக்கம் கெடுப்பது இதுதான், ஏனென்றால் உரிமத்தில் மருந்தாளுநராக இருப்பது என் பெயர்.

போன அக்டோபர் தொடக்கத்தில் கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பின் எஸ்ஆர்-13 பேட்ச் பற்றிய செய்தி வந்தது நினைவிருக்கும். மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள், நம் மாநிலத்தில் அந்த சிரப்பின் விற்பனை நிறுத்தப்பட்டது. நம் கடைக்கு அந்த பேட்ச் வரவில்லை. ஆனால் "வரவில்லை" என்று உறுதியாகச் சொல்ல, நான்கு மாதத்துக் கொள்முதல் பில்களை இரவு முழுக்கப் புரட்டினேன். ஒருவேளை வந்து விற்றிருந்தால் யாருக்குக் கொடுத்தோம் என்று கண்டுபிடிக்க நம்மிடம் வழியே கிடையாது. தரமற்றவை என்று கண்டறியப்பட்ட மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் பேட்ச் எண்ணோடு வெளியிடுகிறது. 4,200 மருந்தையும் அந்தப் பட்டியலோடு கையால் ஒப்பிடுவது நடக்கிற காரியமா?

எச்1 பட்டியல் 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிலுள்ள மருந்தை விற்றால் டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். நவம்பரில் ஆய்வுக்கு வந்தவர் ஆறு மாத ஆல்பிரசோலம் விற்பனையைக் கேட்டார். எடுத்துக் கொடுக்க இரண்டரை மணி நேரம். அதற்குள் ஒன்பது பதிவுகளில் டாக்டர் முகவரி இல்லாததையும் அவர் பார்த்துவிட்டார். நல்ல மனிதர், எச்சரித்துவிட்டுப் போனார். மென்பொருளில் எச்1 மருந்தைத் தட்டினால், அந்த விவரங்களை நிரப்பாமல் பில் அச்சாகாதபடி அமைக்கலாம். மாதம் ஒருமுறை அச்செடுத்து நான் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வேன்.

விலை மாறும் இரவுகள்

செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும், முதல் நாள் இரவு நாம் ஐந்து பேர் கால்குலேட்டரோடு உட்கார்ந்ததும் உங்களுக்குத் தெரியும், சின்ன அண்ணாச்சியும் கூட இருந்தீர்கள். 112 ரூபாய் எம்ஆர்பி 105 ஆக வேண்டும், 89.60 என்பது 84 ஆக வேண்டும். ஒன்றரை மணிக்கு நாம் கிளம்பும்போது பாதி ரேக்தான் முடிந்திருந்தது. அந்த வாரம் பழைய விலை வாங்கிவிட்டு, வாடிக்கையாளர் சொன்ன பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது எத்தனையோ முறை. வரி விகிதத்தை ஒரே இடத்தில் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய வேலை அது.

நீங்கள் கேட்கப்போவது

கரண்ட் போனால்? இரண்டு கவுண்டருக்கும் யுபிஎஸ் கணக்கில் சேர்த்திருக்கிறேன். அதையும் மீறினால் கையெழுத்து பில் புத்தகம் ஒன்று மேசையில் இருக்கும், கரண்ட் வந்ததும் அதே நாளில் ஏற்றிவிட வேண்டும். தினமும் இரவு பேக்கப் எடுத்து ஒரு பிரதியைக் கடைக்கு வெளியே வைக்கலாம். பேரேட்டுக்கு அந்த வசதி இல்லை. 2023 டிசம்பர் மழையில் கீழ் அலமாரியில் தண்ணீர் ஏறி இரண்டு பழைய பேரேடு கூழானது.

பெரிய அண்ணாச்சி, "இதை வைத்துப் பையன்களை வேவு பார்க்கவா?" என்று ஒருமுறை கேட்டீர்கள். அந்தப் பேச்சு ஊழியர்களிடமும் இருக்கிறது. முதல் மூன்று மாதம் இருப்புக் குறைவுக்கு யார் சம்பளத்திலும் பிடித்தம் இல்லை என்று நீங்கள் இருவரும் முன்னாலேயே சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். யாருடைய வேலையும் போகாது. இரவு பத்துக்கு மேல் பேரேடு எழுதும் வேலைதான் போகும்.

மென்பொருள் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைக்கவில்லை. கட் ஸ்ட்ரிப் ஒன்று போதும் குழப்புவதற்கு. பத்து மாத்திரை ஸ்ட்ரிப்பா, பதினைந்தா என்று முதல் பதிவில் குறிக்காமல் விட்டால், நான்கு மாத்திரை விற்றதற்கு நான்கு ஸ்ட்ரிப் கழிந்துவிடும். பத்துக்கு ஒன்று இலவசமாக வரும் ஸ்கீம் சரக்கை விட்டுவிட்டாலும் இருப்பு பிசகும். பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் இப்படித்தான் மூன்று மாதத்தில் கைவிட்டுப் பேரேட்டுக்கே திரும்பினார்கள். அதனால்தான் முதல் பதிவை அவசரப்படாமல் செய்யப் பத்து நாளும் இரண்டு தற்காலிக ஆட்களும் கேட்கிறேன். பார்மசி படிக்கும் மாணவர்களாக இருந்தால் நல்லது.

விற்பனையாளர் இருவர் வந்து காட்டினார்கள். நான் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்டாக்கிஸ்ட் மெயிலில் அனுப்பும் பில்லை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு இருபது பில்லைத் தட்டச்சு செய்வதற்குப் பேரேடே மேல். 2023 ஆகஸ்ட் முதல் 300 முன்னணி பிராண்டுகளின் அட்டையில் கட்டாயமாக்கப்பட்ட க்யூஆர் குறியீட்டிலிருந்து பேட்ச், எக்ஸ்பைரியைப் படிக்க வேண்டும். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினால் நம் தரவு முழுவதையும் எக்செல்லில் எடுத்துத் தர வேண்டும், அதை எழுத்தில் தர வேண்டும். இருவரில் ஒருவர் கடைசி விஷயத்தில் மழுப்பினார், அவரை விட்டுவிடலாம்.

செலவும் நாளும்

கணினி இரண்டு ரூ.76,000, ஸ்கேனர் இரண்டு ரூ.6,400, பில் பிரிண்டர் இரண்டு ரூ.18,000, யுபிஎஸ் இரண்டு ரூ.11,000, மென்பொருள் முதல் ஆண்டுக்கு ரூ.24,000, தற்காலிக ஆட்கள் கூலி ரூ.14,000. மொத்தம் ரூ.1,49,400. இரண்டாம் ஆண்டிலிருந்து மென்பொருளுக்கு ஆண்டுக்கு ரூ.9,000.

அனுமதி கிடைத்தால் பிப்ரவரி 15 ஞாயிறு மதியத்திலிருந்து சரக்கு எண்ணத் தொடங்கலாம். மார்ச் முழுவதும் பேரேடும் மென்பொருளும் சேர்ந்தே ஓடட்டும். ஒவ்வொரு ஞாயிறும் இப்போது செய்ததுபோல 60 மருந்தை எண்ணி, எது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று உங்களிடம் தருகிறேன். மார்ச் கடைசி ஞாயிறு 60க்கு 55 கூடத் தேறாவிட்டால் ஏப்ரல் 1 அன்று பேரேட்டை மூட வேண்டாம், நானே தள்ளிப்போடச் சொல்வேன்.

மூத்த அண்ணனிடம் நான் பேசிவிட்டேன். கம்ப்யூட்டர் தனக்கு வராது என்றார். ரேக் எண் கொடுக்கும் வேலையை அவரைத் தவிர யாராலும் செய்ய முடியாது என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவார்.

60 மருந்து எண்ணிய தாள், காலாவதிப் பட்டியல், இரண்டு விலைப்புள்ளிகள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமை மருந்தாளுநர்