அக்காவுக்கு ஒரு கடிதம்: தீபாவளிக் கறிக்குழம்பு

ரங்கூன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், பாப்பா எல்லோரும் நலம்தானே? போனில் கேட்கலாம் என்று பார்த்தால் பாதியில் லைன் அறுந்துபோகிறது. இது அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்யவேண்டிய விஷயம். அதனால் நாளைக்கு மோல்மீன் வரும் நம்ம தெரு அண்ணன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை திரும்புகிறார். நீயும் எழுதியே அனுப்பு.

தீபாவளிக்கு லீவு ஒரு நாள்தான், ஊருக்கு வந்து திரும்ப முடியாது. அன்று மத்தியானம் வீட்டுக்கார அம்மாவையும் ஐயாவையும் கடையில் என்னோடு வேலை செய்யும் நாலு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். எல்லோரும் பர்மாக்காரர்கள். போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது மூன்று நாளும் மாடி ஏறிவந்து கஞ்சி கொடுத்தது அந்த அம்மாதான். அவர்களுக்கு நம் வீட்டுச் சாப்பாட்டைப் போடவேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர்கள் இருவரும் மாட்டுக்கறி தொடமாட்டார்கள், ஆட்டுக்கறி சாப்பிடுவார்கள். நம் அம்மா தீபாவளிக்கு வைக்கும் கறிக்குழம்பையே வைத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்றைக்குக் கால் வீசை வாங்கி வைத்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை. வெங்காயம் ஓரத்தில் கருகி நடுவில் பச்சையாக இருந்தது. கறி ஒரு மணி நேரம் கொதித்தும் ரப்பர் மாதிரி இழுத்தது. மசாலா ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கமாக நின்றது. வாசனையும் அம்மா குழம்பு வாசனை இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

முதலில் கறி. என்னோடு சேர்த்து ஏழு பேருக்கு ஒரு வீசை போதுமா, ஒன்றேகால் வாங்கட்டுமா? தொடைக்கறி மட்டும் கேட்கட்டுமா, நெஞ்செலும்பும் கலந்து வெட்டச் சொல்லட்டுமா? எலும்பு இல்லாமல் குழம்பு ருசிக்காது என்று அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது. கொழுப்பை எடுத்துவிடவேண்டுமா? தயிரும் மஞ்சளும் பிசைந்து ஊறவைப்பது நம் வீட்டுப் பழக்கமா, அத்தான் வீட்டுப் பழக்கமா?

அடுத்தது அடுப்பு. கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாது, கரி அடுப்பைத்தான் நம்பவேண்டும். குக்கரைக் கரி அடுப்பில் வைக்கலாமா? தணலைக் குறைக்கத் தெரியாமல் பயமாக இருக்கிறது. குக்கர் வேண்டாம், சட்டியில் மூடிபோட்டு நிதானமாக வேகவிடு என்றால் எத்தனை மணி நேரம்? காலை ஏழு மணிக்கே பற்றவைத்துவிடுவேன்.

மசாலாதான் முக்கியம் அக்கா. அம்மா மல்லியையும் மிளகாயையும் தனித்தனியாக வறுத்தது தெரியும். சோம்பும் மிளகும் எந்த அளவு? கசகசா போட்டார்களா, தேங்காய் மட்டும்தானா? ஒன்று மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. இறக்கும் முன்னால் அகப்பையின் பின்பக்கத்தால் குழம்பை ஓரமாக ஒதுக்கி, சட்டிக்கு நடுவில் எண்ணெய் சிவப்பாக ஊறி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால்தான் கொத்தமல்லி கிள்ளிப்போடுவார்கள். இங்கேயும் பர்மாக்காரர்கள் கறியில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கவேண்டும் என்றுதான் பார்க்கிறார்கள், அதைச் ‘சீப்யன்’ என்கிறார்கள். வீட்டுக்கார அம்மா ஒருமுறை அதைக் காட்டிக் கொடுத்தபோது நம் அடுப்படி ஞாபகம் வந்தது. ஆனால் எனக்கு எண்ணெய் பிரியவே இல்லை. தேங்காய் அரைத்ததைச் சீக்கிரம் ஊற்றிவிட்டேனா? அது எந்த நேரத்தில் போடவேண்டியது என்று கட்டாயம் எழுது.

கடலை எண்ணெய் இருக்கிறது. வெங்காயம், இஞ்சி, பூண்டு எல்லாம் தெய்ஞ்சி மார்க்கெட்டில் கிடைக்கும். சோம்பும் பட்டையும் அங்கேதான் வாங்குவேன். நீ அரைத்து வைத்திருக்கும் மசாலாத்தூள் மிச்சம் இருந்தால் ஒரு பொட்டலம் அண்ணன் கையில் கொடுத்தனுப்பு. சோறும் ரசமும் எனக்கு நன்றாக வரும், அதைப் பற்றிக் கவலை இல்லை. பர்மாக்காரர்கள் சாப்பாட்டோடு ஏதாவது புளிப்பாகச் சூப்பு வேண்டும் என்பார்கள், ரசம் அதற்குச் சரியாக இருக்கும்.

அம்மா இருந்தபோது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். உன் கையில்தான் அந்த ருசி இருக்கிறது. அதை எனக்கும் சொல்லிக்கொடு.

அத்தானைக் கேட்டதாகச் சொல். பாப்பாவுக்கு முத்தம்.

உன் தம்பி,
செல்வம்

பி.கு: உப்பும் மிளகாயும் ‘ஒரு கை’ என்று எழுதாதே. உன் கை வேறு, என் கை வேறு. ஒரு வீசைக் கறிக்கு எத்தனை ஸ்பூன் என்று எழுது.