அண்ணியின் முதல் தொக்கு ஆர்டர்

அண்ணி செய்யும் மாங்காய்த் தொக்குக்கு எங்கள் சொந்தத்தில் எப்போதும் கிராக்கிதான். கும்பகோணம் வந்துவிட்டு ஒரு பாட்டில் இல்லாமல் யாரும் ஊர் திரும்பியதில்லை, அண்ணியும் யாரிடமும் காசு வாங்கியதில்லை. போன சித்திரையில் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தேன். அதற்கு முன்பே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து அந்த 14 இலக்க எண்ணை வாங்கிவிட்டார், அது இல்லாமல் வெளியாளுக்கு விற்கமாட்டேன் என்று உறுதியாக இருந்தார்.

முதல் ஆர்டர் புனேயிலிருந்து. அங்கே வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண், அரைக் கிலோ கேட்டு ஜிபேயில் பணமும் போட்டுவிட்டாள். மறுநாள் காலையிலேயே அண்ணி புளிப்பு மாங்காயைத் துருவி, நல்லெண்ணெயில் வதக்கி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் கடைசியில்தான். நன்றாக ஆறிய பிறகு பாட்டிலில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பபிள் ராப் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்தோம்.

கூரியர் கடைத் தராசில் எழுநூறு கிராமுக்கு மேல் காட்டியது. அரைக் கிலோவைத் தாண்டினால் ஒரு கிலோவுக்கான கட்டணம். நாங்கள் வாங்கியிருந்ததோ அரைக் கிலோவுக்கு. மீதியை அண்ணி கையிலிருந்து கொடுத்தார்.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் போட்டோவோடு ஒரு மெசேஜ்: "அக்கா, மேலே எண்ணெய் மிதக்குதே, கெட்டுப்போச்சா?"

அண்ணி உடனே போன் செய்து, அந்த எண்ணெய்தான்மா காவல், அதை வடித்துவிடாதே, ஈரமில்லாத ஸ்பூன் போட்டு எடு என்று பொறுமையாகச் சொன்னார். போனை வைத்ததும் என்னிடம், "நம்ம வீட்டு ஆளுங்களுக்குச் சொல்லாமலே தெரியும். முகம் தெரியாதவங்களுக்கு எல்லாத்தையும் எழுதித்தான் கொடுக்கணும்" என்றார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. இப்போது ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு சீட்டு போகிறது: என்னென்ன சேர்த்தது, என்று செய்தது, எப்படி எடுத்து வைப்பது, எல்லாம் அண்ணியின் கையெழுத்திலேயே.

விலையையும் அன்று ராத்திரி உட்கார்ந்து திரும்பப் போட்டோம். மாங்காய், எண்ணெய், கேஸ், பாட்டில், ஆட்டோ என்று நோட்டில் வரிசையாக எழுதியவர் தன் உழைப்பை மட்டும் எழுதவில்லை. அதையும் எழுதுங்கள் அண்ணி என்றேன். "அடுப்படி வேலைக்குக் கூலியா?" என்று தயங்கினார். ஆமாம், கூலிதான். அரைநாள் அடுப்பு முன் நின்று கிளறிய கைக்குக் கணக்கு இல்லையென்றால் அது வியாபாரமே இல்லை, சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பது போலத்தான் ஆகும். நான் விடவில்லை, கடைசியில் எழுதினார்.

பாட்டிலையும் 350 கிராமாக மாற்றிவிட்டோம், பேக்கிங்கோடு சேர்த்தும் அரைக் கிலோவுக்குள் அடங்குகிறது. புனேப் பெண் அடுத்த மாதமே, தனக்கு ஒன்றும் கூட வேலை செய்பவருக்கு ஒன்றுமாக, புது விலையிலேயே இரண்டு பாட்டில் வாங்கினாள், பேரம் பேசவில்லை. மாங்காய் முடிந்ததால் இப்போது எலுமிச்சை ஊறுகாய் போகிறது. அதன் சீட்டில் முதல் வரி, தோல் மெத்தென்று ஆகும்வரை ஊறவிட்டுச் சாப்பிடுங்கள் என்பது.