ஊழியர் ஈசாப் திட்டம்: ஒதுக்கீடும் வெஸ்டிங்கும்

நிறுவனர்கள் இருவரிடமும் சேர்த்து 9,00,000 பங்குகள் உள்ளன. ஊழியர்களுக்குக் குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை தரும் ஈசாப்புக்கு 1,00,000 ஒதுக்குகிறோம், அதாவது மொத்தத்தில் 10 சதவீதம். முதலில் 15 என்றுதான் பேசினோம். ஆனால் அடுத்த 18 மாதங்களில் எடுக்கப்போகும் ஆட்களை வைத்துக் கணக்குப் போட்டால் அவ்வளவு தேவையில்லை: விற்பனைத் தலைவருக்கு 24,000, மூத்த பொறியாளர் இருவருக்கும் சேர்த்து 30,000, வடிவமைப்பாளருக்கு 8,000, இளநிலை ஊழியர் நால்வருக்கு 10,000. மீதி 28,000 கையிருப்பு. முதலீட்டாளர் பெரிய ஒதுக்கீடு கேட்டால் இந்தப் பட்டியலையே காட்டுவோம். முதலீட்டுக்கு முன்பே ஒதுக்கீட்டைப் பெரிதாக்கினால் குறைவது நம் பங்கு மட்டுமே.

வெஸ்டிங், அதாவது அந்த உரிமை படிப்படியாக ஊழியருக்குச் சேரும் காலம், 4 ஆண்டுகள். முதல் ஆண்டு முடியும்வரை எதுவும் சேராது. நிறுவனச் சட்டமும் குறைந்தது ஓர் ஆண்டு இடைவெளி கேட்கிறது. விற்பனைத் தலைவருக்கு ஆண்டு முடிவில் 6,000, அப்புறம் 36 மாதங்களுக்கு மாதம் 500.

விலகுபவரின் சேராத பங்குகள் ஒதுக்கீட்டுக்கே திரும்பும். சேர்ந்ததை வாங்க 2 ஆண்டு அவகாசம் தருகிறோம். மூன்று மாதம் மட்டும் கொடுத்தால், வரிக்கும் விலைக்கும் பணம் புரட்ட முடியாமல் உழைத்துச் சேர்த்ததை இழப்பார்கள். அது நியாயமில்லை.