அட்வான்ஸில் பிடித்தம் பற்றிய அறிவிப்பு: ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர் பழுது

கோவை
14.06.2025

அனுப்புநர்: கோமதி, வீட்டு உரிமையாளர், கணபதி, கோவை
பெறுநர்: பிரவீன், திவ்யா (மேற்படி வீட்டின் முதல் மாடியில் 31.05.2025 வரை குடியிருந்தவர்கள்)

பொருள்: வீட்டோடு கொடுத்த ஃப்ரிட்ஜின் பழுதுச் செலவில் ரூ. 4,010 மட்டும் பிடித்துக்கொண்டு, அட்வான்ஸில் மீதி ரூ. 34,990 திருப்பித் தருவது

இணைப்பு: பழுது பார்த்த பில்லின் நகல்

அன்புள்ள தம்பி பிரவீனுக்கும் திவ்யாவுக்கும்,

வணக்கம். புது வீட்டில் எல்லாம் ஒழுங்காக அமைந்திருக்கும் என்று நம்புகிறேன். சாவியைக் கொடுத்த அன்று ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசினோம். பில் வந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது வந்துவிட்டது. எவ்வளவு பிடிக்கிறேன், ஏன் பிடிக்கிறேன், எதைப் பிடிக்கவில்லை என்பதையெல்லாம் எழுத்தில் தருவதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. இதை வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறேன், தபாலிலும் அனுப்புகிறேன்.

முதலில் தொகை. நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் ரூ. 39,000, அதாவது மூன்று மாத வாடகை. அதில் பிடிப்பது ரூ. 4,010. மீதி ரூ. 34,990, நீங்கள் மாதாமாதம் எந்தக் கணக்கிலிருந்து வாடகை அனுப்பினீர்களோ உங்களுடைய அதே வங்கிக் கணக்குக்கு ஜூன் 20-ம் தேதி வந்து சேரும். நீங்கள் இந்தப் பிடித்தத்தை ஒப்புக்கொண்டாலும் சரி, ஆட்சேபித்தாலும் சரி, அந்தப் பணம் அன்று வரும். 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். அந்தக் கெடு முடியும்வரை காத்திருக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

இனி ஃப்ரிட்ஜ் விஷயம்.

மே 31 அன்று நாம் மூன்று பேரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கம்ப்ரசர் சத்தம் நிற்காமல் வந்தது, ஆனால் உள்ளே குளிர் இல்லை. ஃப்ரீசர் கதவைத் திறந்தால், இடது பக்கச் சுவரில், ஐஸ் ட்ரே வைக்கும் இடத்துக்குச் சற்று மேலே, விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கீறலின் நடுவே ஊசி முனை அளவு ஒரு புள்ளி. அதைத் தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. ஐஸ் கல்லாக இறுகிப் போனதால் மே மாதக் கடைசியில் கத்தியால் நெம்பி எடுத்ததாகவும், "உஸ்" என்று ஒரு சத்தம் வந்ததாகவும் திவ்யா மறைக்காமல் சொன்னார். அவர் அப்படி நேராகச் சொன்னதை நான் மதிக்கிறேன். மெக்கானிக்குக்கும் அதனால் வேலை சுலபமாயிற்று.

ஜூன் 3 அன்று ஃப்ரிட்ஜைக் கடைக்குக் கொண்டு போனார்கள். அழுத்தம் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் குமிழி கிளம்பியது அந்தப் புள்ளியில் மட்டும்தான். பின்பக்கக் குழாய், வெல்டு வைத்த இணைப்புகள், கம்ப்ரசர் எதிலும் கசிவு இல்லை. இதை நான் முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வயதாகிப் போன ஃப்ரிட்ஜில் இணைப்புகளில் தானாகவே கேஸ் கசிவது சகஜம். அப்படி இருந்திருந்தால் ஒரு ரூபாய்கூட உங்களிடம் கேட்டிருக்க மாட்டேன்.

அந்த ஃப்ரீசர் பெட்டி வெறும் தகடு இல்லை. இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கேஸ் ஓடும் பாதை சுவருக்குள்ளேயே இருக்கிறது. மேலே மேடாகத் தெரியும் கோடுகள் எல்லாம் அந்தப் பாதைதான். கத்தி முனை அதில் பட்டால் கேஸ் முழுக்க வெளியேறிவிடும். ஓட்டையை அடைத்துக் கொடுக்க முடியாதா என்று நானும் கேட்டேன். பசை வைத்து அடைத்தால் கொஞ்ச நாள் ஓடும், மறுபடி கசிந்தால் ஏற்றிய கேஸும் வீண் என்று மெக்கானிக் சொன்னார். ஓட்டை வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே போயிருப்பதால் ஃபில்டரையும் மாற்றியே ஆக வேண்டும் என்றார். அதனால்தான் பெட்டியையே மாற்றினோம்.

புது ஃப்ரிட்ஜ் வாங்கி அந்த விலையைக் கழித்துக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு. அது நியாயமில்லை. உங்களுக்கு நான் கொடுத்தது பழைய ஃப்ரிட்ஜ். உங்கள் காசில் நான் புதிது வாங்கிக்கொள்ள முடியாது.

மொத்த பில் ரூ. 6,450. அதை அப்படியே உங்கள் தலையில் கட்டவில்லை. நான் பிரித்த விதம் இது.

கதவு ரப்பர் ரூ. 650 முழுவதும் என் செலவு. அது வயதானதால் இறுகி, கீழ் மூலையில் ஒட்டாமல் நின்றது. உங்கள் கை பட்டு எதுவும் ஆகவில்லை. மெக்கானிக் வந்து பார்த்த கட்டணம் ரூ. 350-ம் என்னுடையதே, ரப்பருக்காகவும் அவரை ஒரு நாள் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

புது ஃப்ரீசர் பெட்டி ரூ. 2,400. ஃப்ரிட்ஜ் வாங்கியது 2019 ஜூனில், ஆக ஆறு வருடம் ஓடிவிட்டது. இந்த மாதிரி ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குப் பத்து வருடம் ஆயுள் என்று நான் வைத்துக்கொண்டேன். ஓடிப்போன ஆறு பங்கு என்னுடையது, மிச்சமிருந்த நான்கு பங்கு உங்களுடையது. அதன்படி உங்கள் பங்கு ரூ. 960, என் பங்கு ரூ. 1,440.

கேஸ் ஏற்றியது ரூ. 1,500, ஃபில்டர் ரூ. 150, கூலி ரூ. 800, வண்டி ரூ. 600, ஆக ரூ. 3,050. இதில் வயதுக் கழிவு போடவில்லை. மூடிய குழாய்க்குள் இருக்கும் கேஸ் வருடத்துக்கு வருடம் தேய்ந்து தீருவதில்லை. ஓட்டை விழாமல் இருந்தால் இந்த நான்கு செலவும் வந்தே இருக்காது. இதையும் 960-ஐயும் சேர்த்தால் ரூ. 4,010.

உங்களுக்கு ஒரு கேள்வி எழலாம்: ரப்பர் சரியாக ஒட்டாததால்தானே ஐஸ் அவ்வளவு சேர்ந்தது? உண்மைதான், ஈரக்காற்று உள்ளே போனால் ஐஸ் சீக்கிரம் கட்டும். ஆனால் எவ்வளவு ஐஸ் கட்டினாலும் பெட்டியில் ஓட்டை விழாது. ஃப்ரீசருக்குள் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கு நடுவில் டிஃப்ராஸ்ட் பட்டன் இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் ஐஸ் தானே உருகும், அவசரமென்றால் பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வைத்தாலே போதும். 2023 மார்ச்சில் நீங்கள் குடிவந்தபோது நாம் இருவரும் கையெழுத்துப் போட்ட சாமான் பட்டியலில், ஃப்ரிட்ஜுக்கு நேராக, "ஐஸைக் கத்தி, கரண்டி கொண்டு எடுக்கக் கூடாது, பட்டனை அழுத்தவும்" என்று எழுதியிருக்கிறது. அன்று எடுத்த படத்தில் ஃப்ரீசர் சுவர் கீறலில்லாமல் இருப்பதும் தெரிகிறது. அந்தப் படமும் பட்டியலும் உங்கள் வாட்ஸ்அப்பிலும் இருக்கும்.

வேறு எதற்கும் பிடித்தம் இல்லை. ஹாலில் ஆணி அடித்த இடங்கள், அடுப்புக்குப் பின்னால் சுவர் மங்கியது, பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் தளர்ந்தது எல்லாம் குடியிருந்தால் வரக்கூடியவைதான். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது நம் ஊரில் பல வீடுகளில் வழக்கம். நம் ஒப்பந்தத்தில் அப்படி இல்லை, நானும் கேட்கவில்லை. மின் கட்டணத்தை மே 31 ரீடிங் வரை நீங்களே கட்டிவிட்டீர்கள், ரசீதும் அனுப்பினீர்கள். அப்புறம், வீட்டை அவ்வளவு சுத்தமாகத் துடைத்துக் கொடுத்ததற்கு நன்றி. மொட்டை மாடியில் விட்டுப்போன கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி வருகிறேன், எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் தவறு இருப்பதாகப் பட்டால் தயங்காமல் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஃப்ரீசர் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடாமல் மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன், ஜூன் 30 வரை அங்கேயே இருக்கும். நீங்களோ, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கோ வந்து பார்க்கலாம். இதே வேலைக்கு, இதே சாமானுக்கு வேறு கடையில் குறைவாகக் கேட்பார்கள் என்றால் அவர்களிடம் எழுதி வாங்கிக் காட்டுங்கள். அந்த விலையை வைத்தே உங்கள் பங்கைத் திருத்தி, வித்தியாசத்தை அனுப்பிவிடுகிறேன். பெட்டியின் ஆயுளைப் பத்து வருடம் என்று வைத்தது என் கணிப்பு. அதிலும் உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் பேசலாம்.

ஆட்சேபணையை ஜூன் 30-க்குள் வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ எழுதுங்கள், வாய்ப்பேச்சாக மட்டும் வேண்டாம். அதற்குப் பிறகும் நமக்குள் ஒத்துவரவில்லை என்றால் சட்டப்படி முறையிடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதை நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எதுவும் எழுதாவிட்டால், இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு அட்வான்ஸ் கணக்கை முடித்துவிடுகிறேன்.

பணம் வந்து சேர்ந்ததும் ஒரு வரி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கோமதி
(கையொப்பம்)

---

இணைப்பு: பில் நகல்

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை, கணபதி, கோவை
பில் எண்: 418
தேதி: 07.06.2025
வாடிக்கையாளர்: கோமதி, கணபதி

சாமான்: ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், 190 லிட்டர், கேஸ் R600a
வந்த புகார்: கூலிங் இல்லை, கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது
கண்டது: ஃப்ரீசர் பெட்டி இடது சுவரில் கூரிய பொருள் பட்டு ஓட்டை, கேஸ் முழுவதும் வெளியேறியுள்ளது. வேறு கசிவு இல்லை. கம்ப்ரசர் நன்றாக உள்ளது. கதவு ரப்பர் பழசாகி இறுகியுள்ளது.

வீட்டுக்கு வந்து பார்த்தது: ரூ. 350
ஃப்ரீசர் பெட்டி, புதியது 1: ரூ. 2,400
ஃபில்டர் 1: ரூ. 150
வாக்யூம் போட்டு கேஸ் ஏற்றியது: ரூ. 1,500
பெட்டி மாற்றிய கூலி, வெல்டு உட்பட: ரூ. 800
கதவு ரப்பர் 1, மாட்டியது உட்பட: ரூ. 650
வண்டி, ஏற்று இறக்குக் கூலி, போக வர: ரூ. 600

மொத்தம்: ரூ. 6,450
(ஆறாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய் மட்டும்)
ஜி.எஸ்.டி. இல்லை. தொகை பெற்றுக்கொள்ளப்பட்டது.

குறிப்பு: புது ஃப்ரீசர் பெட்டிக்கும் கேஸுக்கும் 6 மாத வாரண்டி. கத்தி, ஸ்க்ரூ டிரைவர் பட்டு ஓட்டை விழுந்தால் வாரண்டி கிடையாது. பழைய பெட்டி வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.