80ஆம் நாள் திறக்க வேண்டிய கடிதம்

ஏய்,

இன்று பாப்பாவுக்கு 19ஆம் நாள், மணி ராத்திரி 2.40. தென்காசியில் அம்மா வீட்டு நடு அறையில், ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த மெயில் 80ஆம் நாள் உனக்கு, அதாவது எனக்கே, வரும்படி வைத்திருக்கிறேன். அதற்குள் நீ சென்னைக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் அவர் ஆபீஸ் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டு நீயும் அவளும் மட்டும். எனக்கு இப்போதே அதுதான் பயம்.

இங்கே எல்லாம் சுலபமாக இருந்தது என்று அப்போது தோன்றும். இல்லை. தையல் இழுக்கிறது, நேற்று பூண்டுக் குழம்பைப் பார்த்தே அழுதேன், அம்மா லேகிய உருண்டையோடு வந்தால் தூங்குவது போல நடிக்கிறேன். இவள் என்னைப் பார்த்துச் சிரிப்பதுகூட இல்லை, தூக்கத்தில் மட்டும் சிரிக்கிறாள், கேட்டால் நரி விரட்டுதாம். உனக்கு இந்நேரம் முகம் பார்த்துச் சிரித்திருப்பாள் இல்லையா? நான் அதற்குத்தான் காத்துக்கொண்டு இருக்கிறேன்.

அப்புறம் பால். மார்பு இப்போது கல் மாதிரி கட்டுகிறது. ரெண்டு மூணு மாதத்தில் தளர்ந்துவிடுமாம், பால் வற்றிவிட்டது என்று பலரும் பயப்படுவது அப்போதுதான் என்று நர்ஸக்கா சொன்னார். ஒரு நாளைக்கு 6 தடவையாவது ஒன்றுக்குப் போய், ஊசி போடப் போகும்போது எடையும் ஏறியிருந்தால் பால் போதும். யாராவது "பிள்ளை பசியில அழுதோ?" என்று கேட்டால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடு. முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்திருக்கும், பிரசவத்துக்குப் பிறகு அது வழக்கம்தான், சீப்பை வைத்துக்கொண்டு எண்ணாதே.

வேலையை விடுகிறேன் என்று மெயில் எழுதி வைத்திருந்தால் அனுப்பாதே. 26 வார லீவில் பாதிக்கும் மேல் மிச்சம் இருக்கிறது, தூங்காத மூளைக்கு அந்த முடிவை எடுக்க உரிமை கிடையாது.

ஒன்று மட்டும் விளையாட்டு இல்லை. ரெண்டு வாரமாக அழுகை நிற்கவில்லை, அவள் தூங்கினாலும் உனக்குத் தூக்கம் வரவில்லை, அவளைத் தூக்கும்போது எதுவுமே தோன்றவில்லை என்றால் அவரிடம் அன்றைக்கே சொல்லி டாக்டரிடம் போ. நடுராத்திரி என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. உன்னையோ அவளையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் ரெண்டு வாரமெல்லாம் எண்ணாதே, அந்த நிமிஷமே அவரை எழுப்பு. "நல்லா இருக்கேன்" என்று அம்மாவிடம் போனில் பொய் சொல்வாய், எனக்குத் தெரியும், அதை விட்டுவிட்டு ரெண்டு வாரம் வந்து இருங்கம்மா என்று கேள். பஸ் ஏறிவிடுவாள்.

அம்மாவின் பச்சைச் சுங்குடிப் புடவையில் கட்டிய தூளியில்தான் இவள் இப்போது தூங்குகிறாள், வேறு துணியில் போட்டால் அஞ்சு நிமிஷத்தில் எழுந்துவிடுகிறாள். அதை எடுத்துக்கொண்டு போனாயா? மறந்திருந்தால் வரும்போது கொண்டுவரச் சொல். துவைக்காமல்.

— நான்தான்