அம்மா அனுப்பிய படத்தில் உன் கணக்குத்தாள்

கண்ணு, அம்மா அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி உன் பயிற்சித்தாளை முழுவதும் பார்த்தேன்.

முதல் கணக்கில் 47 + 38 = 85 என்பது சரி; 7உம் 8உம் சேர்ந்த 15இல் உள்ள ஒரு பத்தை 4இன் தலைக்கு மேல் சிறியதாக எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

இரண்டாவதில் 52 − 27 = 35 என்று எழுதியிருக்கிறாய். 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாததால், 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டாய் என்று நினைக்கிறேன். உன்னிடம் ஐந்து பத்து ரூபாய்த் தாள்களும் இரண்டு ரூபாய் சில்லறையும் இருப்பதாக வைத்துக்கொள். 27 ரூபாய் கொடுக்க வேண்டுமானால் ஒரு தாளைச் சில்லறையாக மாற்ற வேண்டும். அப்போது தாள்கள் நான்கு, சில்லறை 12. சில்லறையில் 7 போனால் 5, நான்கு தாள்களில் இரண்டு போனால் இரண்டு. ஆகவே விடை 25. அதனுடன் 27ஐக் கூட்டிப் பார், 52 வரும்.

மூன்றாவதில், கிருஷ்ணகிரி மாந்தோப்பில் 6 வரிசைகள், வரிசைக்கு 4 கன்றுகள், மொத்தம் 24 என்பது சரி. 20 மாம்பழங்களை 5 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 4 என்பதும் சரிதான். ஆனால் 4 என்று மட்டும் விடாமல், "4 மாம்பழங்கள்" என்று எழுது.

இரண்டாவது கணக்கை மட்டும் மறுபடியும் போட்டு அனுப்பு. ஓசூரில் வேலை முடிந்ததும் அப்பா பார்க்கிறேன்.